படத்தில் தெரியாத காய்ச்சல்

(பால் உற்பத்தியாளர்கள் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலைக் கறவையை முடித்து, பாலை ஊற்றிவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

விடிந்ததும் என் போனில் வரிசையாகப் படங்கள் வந்து நிற்கும். ஒரு மாட்டின் கால், ஓர் ஆட்டின் தொடை, கீழே ஒரு வரி: “நொண்டுது சார், என்ன மருந்து போடலாம்?” அவ்வளவுதான். படம் அனுப்புவதை நான் குறை சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ‘காலில் ஏதோ ஆயிடுச்சு’ என்று போனில் கேட்டதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு படம் எங்கே கோளாறு என்று காட்டும். என்ன கோளாறு என்று பெரும்பாலும் காட்டாது. வீக்கம் சுடுகிறதா, சில்லிட்டிருக்கிறதா, அழுத்தினால் மாடு உதைக்கிறதா, புண் நாறுகிறதா, உடம்பில் காய்ச்சல் உண்டா, நேற்று தீனி எடுத்ததா, இதில் ஒன்றுகூடப் படத்தில் வராது. இது உங்கள் கையிலேயே முடிகிற காரியமா, டாக்டரைக் கூப்பிட வேண்டிய காரியமா என்பதை முடிவு செய்வதோ இவைதான்.

முதலில் படத்தைக் கொஞ்சம் உருப்படியாக எடுப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பூசிய பிறகு எடுத்த படம் எனக்குப் பயன்படாது. மஞ்சள்தான் தெரியும், புண் தெரியாது. பூசுவதற்கு முன்னால் எடுங்கள். மாட்டைச் சமதரையில், வெளிச்சத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய ஒன்று. அடிபட்ட இடத்தைக் கிட்டத்தில் ஒன்று. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டால் அளவு எனக்குப் புரியும். மூன்றாவதுதான் யாரும் எடுக்காதது: நன்றாக இருக்கிற மறு காலின் அதே இடம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வீக்கம் என்று நீங்கள் நினைப்பது வீக்கமா, அந்த மாட்டுக்கு இயல்பே அப்படியா என்று தெரிந்துவிடும்.

அதோடு ஒரு சின்ன வீடியோ. கெட்டியான தரையில் மாட்டை நம்மை நோக்கி நடக்கவிட்டு, பிறகு நம்மைவிட்டு நடக்கவிட்டு எடுங்கள். முன்னங்காலில் வலி என்றால் தலையைப் பாருங்கள். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது மாடு தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலை இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இரண்டு இடுப்பெலும்பையும் கவனியுங்கள். வலிக்கிற பக்கம் அளவுக்கு மீறி ஏறி இறங்கும். எந்தக் கால் என்று தெரியாமல் நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

சரி, ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வயதுக் கிடேரி, நல்ல தேகக்கட்டு, முதல் மழை பெய்து பச்சை வந்த சமயம். பின்னாலிருந்து எடுத்த படம். இடது சப்பை வலதைவிடக் கொஞ்சம் புடைத்திருக்கிறது. காயம் இல்லை, கீறல்கூட இல்லை. “ராத்திரி பக்கத்து மாடு முட்டியிருக்கும் சார், காலைத் தாங்கித் தாங்கி வைக்குது. நல்லெண்ணெய் போட்டு உருவிவிடவா?” என்று கேட்டிருந்தார் அதை வளர்ப்பவர். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் நீங்களும் முட்டு என்றுதான் சொல்வீர்கள். நானும் முட்டு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

அவரிடம் மூன்று விஷயம் கேட்டேன். தீனி எடுத்ததா? இல்லை, அசையும் போடவில்லை. தெர்மாமீட்டர் இருக்கிறதா? வீட்டில் பிள்ளைக்கு வைத்திருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. அதன் முனையில் எண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள் செலுத்தி, சாணியில் குத்தாமல் பக்கச் சுவரில் படும்படி சாய்த்து, சத்தம் வரும்வரை பிடிக்கச் சொன்னேன். 106க்கு மேல் காட்டியது. மாட்டுக்கு இயல்பு 101, 102 ஃபாரன்ஹீட். முட்டு வாங்கிய மாட்டுக்கு 106 வராது. மூன்றாவதாக, புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தச் சொன்னேன். “சார், உள்ளே அப்பளம் நொறுங்குற மாதிரி நறநறங்குது” என்றார். அந்த நறநறப்பு தசைக்குள் கிருமி உண்டாக்கிய வாயு.

அது சப்பை நோய். மண்ணில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் கிருமி மேய்ச்சலோடு வயிற்றுக்குள் போய், தசையில் தங்கி, அங்கே பெருகி நஞ்சைக் கக்குகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள், அதிலும் கொழுகொழுவென்று இருக்கிற கன்றைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். வீக்கம் முதலில் சுடும், தொட்டால் வலிக்கும். சில மணி நேரத்தில் நடுப்பகுதி சில்லிட்டு, வலியே இல்லாமல் போகும். தொட்டால் உதைக்கவில்லையே, குறைந்துவிட்டது என்று நாம் நினைக்கிற நேரம் அது. உண்மையில் அந்தத் தசை செத்துவிட்டது. நோய் தெரிந்ததிலிருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் உயிர் போய்விடும். முதல் சில மணி நேரத்தில் பென்சிலின் ஊசி போய்ச் சேர்ந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அந்தக் கிடேரி பிழைத்தது. அதே மழையில் வேறொரு வீட்டில் சுளுக்கு என்று உருவி, ஒத்தடம் கொடுத்து, மறுநாள் பார்ப்போம் என்று விட்ட காளைக்கன்று மறுநாள் இல்லை. இந்த நோயில் செத்த மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. கிருமி அந்த இடத்து மண்ணுக்குள் போய்விடும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன்னால் போடுகிற தடுப்பூசியை விட்டுவிட்ட வீட்டில்தான் இது வருகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் உண்மையான முட்டு, சுளுக்கு எப்படி இருக்கும்? மாடு தின்னும், அசை போடும், காய்ச்சல் இருக்காது. பெரும்பாலும் மூட்டில் வீங்கும், நறநறப்பு இருக்காது. அதற்கு முதல் நாள் பச்சைத் தண்ணீர்தான் மருந்து. ஒரு கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரை மெல்ல விடுங்கள், நாளைக்கு மூன்று தடவை. ஒத்தடம் இரண்டு நாள் கழித்து. தீனியும் தண்ணீரும் கட்டுத்தறிக்கே வரட்டும், மேய்ச்சலுக்கு அனுப்ப வேண்டாம். இரண்டு நாளில் காலை ஊன்றத் தொடங்கவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து நான் வைத்திருக்கிற ஒரு கணக்கைச் சொல்கிறேன். தோலுக்கு வெளியே செய்வது உங்கள் வேலை: கழுவுவது, அழுத்துவது, கட்டுவது, நிறுத்தி வைப்பது, ஈ வராமல் பார்ப்பது. தோலுக்கு உள்ளே போவது எதுவானாலும், ஊசி, மாத்திரை, கத்தி, தையல், அது டாக்டர் வேலை. காயம் எப்படி வந்தது என்று தெரியாத நொண்டலுக்குக் காய்ச்சல் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள். மாட்டுக்கு 104ஐத் தாண்டினால் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், போனை எடுங்கள். வெள்ளாட்டுக்கு இயல்பே 102லிருந்து 103.5 வரை இருக்கும். அதனால் 105ஐத் தொட்டால் பயப்படலாம். வெயிலில் ஓடி வந்த ஆட்டை நிழலில் அரை மணி நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

அடுத்த படம் ஆடு. சாயங்காலம் பட்டிக்குத் திரும்பிய வெள்ளாட்டின் தொடையில் தோல் கிழிந்து ரத்தம். இங்கே முதலுதவிக்கு நிறைய இடம் இருக்கிறது. சுத்தமான பருத்தித் துணியை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து நிமிடம், கையை எடுக்காமல். ‘நின்றுவிட்டதா பார்ப்போம்’ என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கினால், உறைந்த ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். ரத்தம் துடித்துத் துடித்துப் பீச்சினால் ஒருவர் அழுத்தட்டும், ஒருவர் போன் செய்யட்டும்.

நின்ற பிறகு கழுவ வேண்டும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. அதை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள், பஞ்சை வைத்துத் தேய்க்க வேண்டாம். காயத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு சுற்றிலும் முடியைக் கத்தரியுங்கள். முடி காயத்துக்குள் போனால் ஆறாது. பிறகு போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத தேநீர் நிறத்துக்கு வந்ததும் தடவலாம். காயத்தின் ஓரத்தில், உள்ளே அல்ல, வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு இவையெல்லாம் உயிருள்ள தசையைச் சுடும். சாணம் வைப்பது அதைவிட மோசம்; ரணஜன்னிக் கிருமியை நாமே எடுத்து ஊட்டுவது போல ஆகிவிடும்.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டீர்கள். இனி டாக்டர் வேண்டுமா? காயத்தின் வாய் பிளந்திருந்தால், சதை தெரிந்தால், மூட்டின் பக்கத்தில் இருந்தால், மடியில் அல்லது வயிற்றில் இருந்தால் வேண்டும், அதுவும் அன்றைக்கே. ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தைத்தால் சுத்தமாக ஒட்டும். மூன்றாம் நாள் படம் அனுப்பி “தையல் போடலாமா சார்?” என்று கேட்டால், ஓரம் காய்ந்து உள்ளே சீழ் பிடித்த காயத்தைத் தைக்க முடியாது; திறந்தே வைத்து மாதக்கணக்கில் ஆற்ற வேண்டியதுதான்.

ஆனால் இந்த ஆட்டை எது கடித்தது, எது கிழித்தது? வேலி முள் என்றால் கீறல் நீளமாக, ஒரே பக்கமாக இருக்கும். தொடையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் நாய். கன்னங்கரேலென்று முடி இருக்கிற ஆட்டில் படத்தில் அந்த ஓட்டைகள் தெரியவே தெரியாது; விரலால் முடியை விலக்கித் தேட வேண்டும். நாய் வெறுமனே கடிப்பதில்லை, கவ்விக்கொண்டு உதறும். மேலே கடலை அளவு ஓட்டை, அடியில் தோல் தசையைவிட்டுக் கைநீளத்துக்குக் கழன்று கிடக்கும். படத்தைப் பார்த்து ‘சின்னக் காயம்தான்’ என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நாய்க்கடி என்று சந்தேகம் வந்தாலே கையுறை போட்டுக்கொண்டு, இல்லாவிட்டால் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியைக் குறைப்பதில் இந்தக் கழுவலுக்கு ஈடான முதலுதவி வேறு இல்லை. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். கழுவிய கையோடு கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். கடித்த பிறகு போடுகிற தடுப்பூசி 0, 3, 7, 14, 28 என்று நாள் கணக்கில் போட வேண்டியது. முதல் ஊசியோடு ஆடு தேறிவிட்டது என்று நின்றுவிடக் கூடாது. உங்கள் கையில் கீறல் இருந்து அதில் நாயின் எச்சில் பட்டிருந்தால் நீங்கள் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்.

புழு வைத்த புண்ணைப் பற்றியும் கேட்பீர்கள். ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். படத்தில் சின்ன ஓட்டையாகத் தெரியும். ஓயாமல் நக்குவது, காலை உதறுவது, ரத்தம் கலந்த நீர் கசிவது, அந்த நாற்றம், இவைதான் அடையாளம். கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, துணியை நனைத்துப் புண்ணின் வாயில் வைத்தால் புழு மூச்சுக்கு மேலே வரும். இடுக்கியால் ஒன்று விடாமல் எடுங்கள். கண், காது, கொம்புக்குழி, அறை என்றால் நீங்கள் தொட வேண்டாம்.

இனி குளம்பு. கறவை மாட்டின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பில்தான் தொடங்குகிறது, அதிலும் பின்னங்காலின் வெளிக்குளம்பில். ஆனால் எனக்கு வருகிற படமோ முழங்காலைக் காட்டும். காலைத் தூக்கி, அடிப்பக்கத்தைக் கழுவி, துடைத்துப் பிறகு எடுங்கள். ஆணி, முள், கண்ணாடித்துண்டு தெரிந்தால், பிடுங்குவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிட்டு, எந்த இடம், எவ்வளவு சாய்வு என்று பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு ஓட்டை மூடிக்கொள்ளும், உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஈரமான கொட்டகையில் ஆடுகளுக்குக் குளம்பிடுக்கு வெந்து நாறினால் குளம்பழுகல். 5 சதவீத மயில்துத்தக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 50 கிராம், காலை நனைத்து நிறுத்தலாம். அந்தத் தண்ணீரை ஆடு குடித்துவிடாமல் பார்க்க வேண்டும், ஆட்டுக்கும் செம்மறிக்கும் தாமிரம் நஞ்சு. குளம்பிடுக்கில் கொப்புளம் இருந்தால் உடனே வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். வாயிலும் கொப்புளம், எச்சில் கயிறாகத் தொங்குகிறது என்றால் கோமாரி. அது உங்கள் ஒரு மாட்டுக் காரியம் இல்லை. மாட்டைச் சந்தைக்கோ பொது மேய்ச்சலுக்கோ கொண்டு போகாமல் தனியே கட்டி, மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

குட்டிக்குக் கால் முறிந்த படமும் அடிக்கடி வரும், வண்டி இடித்தது, தாய் மிதித்தது என்று. முழங்காலுக்குக் கீழே, தோல் கிழியாமல் முறிந்திருந்தால் தற்காலிகமாகச் சிம்பு கட்டலாம். முதலில் பஞ்சு, அதற்கு மேல் மூங்கில் பத்தை, முறிவுக்கு மேல் ஒரு மூட்டும் கீழ் ஒரு மூட்டும் சேர்த்து. கட்டிய இரண்டு மணி நேரத்தில் குளம்பின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருந்தால் கட்டு இறுக்கம், தளர்த்துங்கள். தொடையில், தோள்பட்டையில் முறிந்திருந்தால் சிம்பு வேண்டவே வேண்டாம். அங்கே மேல் மூட்டைச் சேர்த்துக் கட்ட முடியாது; கட்டின் கனம் முறிந்த எலும்பை இன்னும் விலக்கும். குட்டியை அசைய இடமில்லாத கூடையில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

எனக்குக் கோபம் வருகிற ஒரே இடம் வலி ஊசி. மெடிக்கலில் மனிதருக்கான டைக்ளோஃபெனாக் குப்பியை வாங்கி மாட்டுக்குக் குத்துவது. முறிந்த காலோடு நிற்கிற மாட்டுக்கு வலி மரத்துப்போனால், அது நன்றாக நடக்கத் தொடங்கும்; அந்த நடையில்தான் முறிவு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். காய்ச்சலும் இறங்கிவிடுவதால் சப்பை நோயா சுளுக்கா என்று எனக்கும் தெரியாமல் போகும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாடு செத்து, உடலைப் பிணந்தின்னிக் கழுகு தின்றால், கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த கழுகுகள் இப்படித்தான் போயின. 2006இல் டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குத் தடை செய்தார்கள். மனித மருந்தை மாட்டுக்குத் திருப்பிவிடுவது நிற்காததால் 2015இல் பெரிய குப்பிகளையும் நிறுத்தினார்கள். 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டும் சேர்ந்தன. நீலகிரியின் சீகூர், மாயாறு பக்கம் இன்னும் கழுகுகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்து மாடு வளர்ப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வலிக்கு மெலாக்ஸிகாம் இருக்கிறது, அதைக் கழுகு தாங்கும். எந்த அளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

1962 என்ற கட்டணமில்லாத எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கூப்பிடும்போது ‘மாடு சரியில்லை’ என்று தொடங்காதீர்கள். நிற்கிறதா படுத்திருக்கிறதா, எவ்வளவு காய்ச்சல், எப்போதிலிருந்து, சினையா, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, இந்த ஐந்தும் முதல் வாக்கியத்திலேயே வரட்டும். கொடுத்த மருந்தை மறைக்க வேண்டாம், திட்ட மாட்டோம். ஊர்தி வருவதற்குள் மாட்டை நிழலில், வழுக்காத தரையில், மணலோ வைக்கோலோ பரப்பி நிறுத்துங்கள். படுத்துவிட்டால் சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடுங்கள்.

சிகிச்சை முடிந்து டாக்டர் கிளம்பும்போது ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: இந்த ஊசிக்கு எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது? மருந்துக்கு மருந்து அது மாறும். அந்த நாட்கள் வரை பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிட வேண்டும், சங்கத்துக்கு வரக் கூடாது. கன்றுக்கு ஊட்டலாமா என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். வேண்டாம் அம்மா. கொஞ்சங்கொஞ்சமாக அந்த மருந்து கன்றின் வயிற்றுக்குள் போனால், நாளைக்குக் கன்றுக்கே கழிச்சல் வரும்போது அதே மருந்து கேட்காமல் போகும். அந்தச் சில நாளைக்கு வேறு பசுவின் பாலைக் கொடுங்கள்.